"டெய்லி லேட்டு" என்று வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ், கடிதமாக மாறிய கதை

காலை 8:41க்கு மேனேஜரிடமிருந்து வாட்சாப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அப்புறம் அடுத்தடுத்து நாலைந்து வரி டைப் செய்து அனுப்பினார். நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு சின்னக் கிடங்கு நிறுவனத்தில் சம்பளக் கணக்கும் ஆட்களின் ஃபைல்களும் பார்க்கிறவள். ஆள் சேர்ப்பது, லீவு, எம்சி, எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அன்றைக்கு வந்தது இது, கொச்சையை மாற்றாமல் கொடுக்கிறேன்:

"இந்தப் பையன் டெய்லி லேட்டும்மா. மாமனார் வீட்டு விருந்துக்கு வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வர்றான். எத்தனை தடவை சொல்றது, மண்டையில ஏறல. இவனால லோடிங் முழுக்க நிக்குது. வேலை மேல அக்கறையே இல்ல, எம்சி வேற. லேட்டுக்கு அம்பது வெள்ளி வெட்டு, கடைசி வார்னிங்னு போட்டு இன்னைக்கே கையெழுத்து வாங்கு."

பையன் என்று அவர் சொன்னது எங்கள் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற தம்பியை. வயது முப்பத்தொன்று, ஒரு பிள்ளைக்கு அப்பா, பிறை பக்கத்திலிருந்து மோட்டாரில் பாலம் கடந்து வருகிறவர். மேனேஜரின் எரிச்சலை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கன்டெய்னர் லாரி 8:15க்கு வந்து நிற்கும்போது ஃபோர்க்லிப்ட் ஓட்ட ஆள் இல்லையென்றால் எனக்கும் கோபம் வரும். ஆனால் கோபத்தை அப்படியே லெட்டர்ஹெட்டில் அச்சடித்தால் அது கடிதம் ஆகாது. நாளைக்கு எதிர்த்தரப்பு நம்மிடமே காட்டுகிற சாட்சி ஆகிவிடும்.

"சரிண்ணே, நாளைக்குள்ள தர்றேன்" என்று மட்டும் பதில் போட்டேன். பிறகு அவருடைய ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்து, இதற்கு என்ன ஆதாரம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் "டெய்லி". விரல்ரேகை மெஷினிலிருந்து மார்ச், ஏப்ரல் இரண்டு மாதப் பதிவை எடுத்தேன். அவர் வேலைக்கு வந்தது 38 நாள். 8:00 மணிக்குப் பிறகு ரேகை பதிந்த நாள் 11. பதினொன்று என்பதே டெய்லி இல்லை, ஆனால் அந்தப் பதினொன்றும் நிற்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாள் 8:03, 8:04. எங்கள் பணியாளர் கையேட்டில் ஐந்து நிமிடம் சலுகை இருக்கிறது, அதனால் அந்த இரண்டும் போயிற்று. ஒரு நாள் அவர் முதல்நாள் இரவே சூப்பர்வைசருக்கு, கிளினிக் போய்விட்டு வருவேன் என்று மெசேஜ் போட்டு, சூப்பர்வைசர் "ஓகே" என்று பதிலும் கொடுத்திருக்கிறார். அதுவும் போயிற்று. இன்னொரு நாளில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. மெஷினில் மொத்தக் கம்பெனியுமே 8:22க்கும் 8:31க்கும் நடுவில்தான் வந்திருக்கிறது, மேனேஜர் உட்பட. காலையில் மின்சாரம் போய் மெஷின் படுத்துக்கிடந்த நாள் அது. ஒருவருடைய பதிவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால் இந்த மாதிரி வேலையில் அன்றைய தேதிக்கு எல்லோருடைய நேரத்தையும் சேர்த்து இறக்கிப் பார்ப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

மிச்சம் ஏழு. ஏழும் உண்மையான தாமதம், 8:11 முதல் 8:38 வரை. கூட்டினால் 137 நிமிடம். மேனேஜரிடம் இதைச் சொன்னபோது, "ஏழுதானா?" என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டார். ஏழு போதும்ண்ணே, யாரும் அசைக்க முடியாத ஏழு என்றேன். பதினொன்று என்று எழுதி அதில் நாலு பொய்யாகிப் போனால், மிச்ச ஏழையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, "எத்தனை தடவை சொல்றது". எப்போதெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மூன்று தடவை என்றார். தேதி கேட்டேன். யோசித்தார். ஏப்ரல் 9, லோடிங் பே பக்கத்தில், சூப்பர்வைசர் கூட இருந்தார், அது ஒன்றுதான் நிச்சயமாக நினைவில் வந்தது. மற்ற இரண்டும் குரூப்பில் பொதுவாக "எல்லாரும் டைமுக்கு வாங்க" என்று போட்டது. அது அந்தத் தம்பிக்குச் சொன்னதாகாது. ஆகவே கடிதத்தில் ஒரே ஒரு வாய்மொழி அறிவுறுத்தல், அதன் தேதியோடு. இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஏழு தாமதத்தில் ஐந்து ஏப்ரல் 9க்கு முன்னால் நடந்தவை. அந்த ஐந்தின்போதும் யாரும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறோம். தெரிந்தும் விட்டுவிட்டு, ஒரு காலையில் திடீரென்று கடைசி எச்சரிக்கை என்று நீட்டினால், இத்தனை நாள் நீங்களே ஏற்றுக்கொண்டீர்களே என்ற கேள்வி கட்டாயம் வரும். முதல் எழுத்துக் கடிதமே கடைசிக் கடிதமாக இருக்க முடியாது.

சரி, அப்படியென்றால் இது என்ன கடிதம்? இங்கேதான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் முதல் இரண்டு வருடம் குழப்பியிருக்கிறேன். சூராட் துஞ்ஜோக் செபாப், நம் ஆட்கள் ஷோ காஸ் என்று சொல்வது, விளக்கம் கேட்கிற கடிதம். சூராட் அமாரான் எச்சரிக்கைக் கடிதம். ஒன்று கேட்கிறது, மற்றது தீர்மானித்துவிட்டுச் சொல்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தவறான நடத்தைக்குத் தண்டனை கொடுப்பதற்கு முன் முறையாக விசாரிக்க வேண்டும் என்கிறது. ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எச்சரிக்கை கொடுத்து, அதை அடுக்கிக்கொண்டே போய் ஒரு நாள் வேலையை விட்டு அனுப்பினால், அவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். அங்கே முதல் கடிதத்திலிருந்துதான் புரட்டுவார்கள். அதனால் முதலில் கேட்போம், பதிலைப் பார்த்துவிட்டு எச்சரிக்கையா இல்லையா என்று முடிவெடுப்போம் என்றேன். மேனேஜர் இன்டர்நெட்டிலிருந்து ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியிருந்தார், அதில் 15ஆம் பிரிவை மேற்கோள் காட்டி, ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படும் என்று ஒரு மிரட்டல். அந்தப் பிரிவு அனுமதியில்லாமல், தகுந்த காரணமும் இல்லாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருப்பதைப் பற்றியது. 11 நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அதை ஒட்டக்கூடாது.

ஐம்பது வெள்ளி வெட்டுவது பற்றி அதிக நேரம் பேசவில்லை. சம்பளத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 24ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. முன்பணம், தவறுதலாக அதிகம் கொடுத்த தொகை என்று போகும் அந்த வரிசையில் தாமதத்துக்கு அபராதம் என்று ஒன்று இல்லை. சரி விடு என்றார்.

எம்சியையும் எடுத்துவிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் அவர் இரண்டு நாள் எம்சி எடுத்திருக்கிறார், டாக்டர் சீட்டு ஃபைலில் இருக்கிறது. அது அவருக்குச் சட்டப்படி உள்ள லீவு. அதைத் தாமதத்தோடு சேர்த்து எழுதினால், நோய் வந்ததற்கும் சேர்த்துத் திட்டுகிறோம் என்று அர்த்தமாகும்.

"லோடிங் முழுக்க நிக்குது" என்பதை மட்டும் நான் தூக்கி எறியவில்லை, ஏனென்றால் கடிதத்தில் இருக்க வேண்டிய விஷயமே அதுதான். தாமதம் ஏன் பிரச்சினை என்று சொல்லாத கடிதம், வாத்தியார் பிரம்பு மாதிரி ஆகிவிடும். டெலிவரிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏழு நாளில் ஐந்து நாள் முதல் லாரி தாமதமாகத்தான் வந்திருக்கிறது, அதனால் ஒன்றும் கெடவில்லை. மார்ச் 27, ஏப்ரல் 24 ஆகிய இரண்டு நாளில் மட்டும் 8:15க்கு லாரி தயாராக நின்று, சரக்கு ஏற்றுவது 8:30க்கும் 8:45க்கும் தொடங்கியிருக்கிறது. "முழுக்க" என்பது இரண்டு நாளாகச் சுருங்கியது, ஆனால் அந்த இரண்டுக்கும் நேரம் இருக்கிறது, லாரிக்காரர் கையெழுத்து இருக்கிறது.

மாமனார் வீட்டு விருந்து, அக்கறை இல்லை, மண்டையில் ஏறவில்லை: இவை மூன்றும் நடந்ததைச் சொல்லவில்லை, அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் ஊகித்ததைச் சொல்கின்றன. நீக்கிவிட்டேன். ஆனால் நானும் இதே தப்பை வேறு பக்கத்திலிருந்து செய்யப் பார்த்தேன். தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமை போட்டுப் பார்த்தபோது ஏழும் செவ்வாய், வியாழனாகவே வந்தன. வீட்டில் ஏதோ இருக்கிறது என்று உடனே தோன்றியது. இரக்கப்பட்டு முதல் வரைவில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதியும்விட்டேன். ராத்திரி படித்துப் பார்த்தபோது, இதுவும் ஊகம்தானே, அவர் வீட்டைப் பற்றி எழுத நான் யார் என்று அடித்தேன். காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும். கிழமையை மட்டும் அட்டவணையில் விட்டுவைத்தேன்.

இன்னொன்று பார்க்க வேண்டியிருந்தது, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே இரண்டு மாதத்துக்கு எல்லோருடைய பதிவையும் எடுத்தேன் அல்லவா, அதில் ஸ்டோர் பார்க்கிற அண்ணனுக்கு ஒன்பது தாமதம். பதினைந்து வருட ஆள், மேனேஜரோடு தினமும் தே தாரேக் குடிப்பவர், யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏழுக்குக் கடிதம், ஒன்பதுக்கு ஒன்றுமில்லை என்றால் அது ஒழுங்கு நடவடிக்கையா, ஆள் பார்த்து அடிப்பதா? மேனேஜரிடம் பேப்பரை நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அவரு வேற கதைம்மா" என்றார். என்ன கதைண்ணே என்று கேட்டேன். பதில் இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் கடிதங்கள் மலாயில் போகும். நான் முதலில் தமிழில் எழுதிக்கொள்வேன், யோசிக்கிற மொழியில் எழுதினால்தான் எந்த வார்த்தை குத்துகிறது என்று தெரியும். தம்பிக்குத் தமிழ்ப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தேன். அது இப்படி இருந்தது:

"திரு. ______ அவர்களுக்கு,

பொருள்: வேலைக்கு வந்த நேரம் குறித்து உங்கள் விளக்கம்

பணியாளர் கையேட்டின்படி உங்கள் வேலை நேரம் காலை 8:00 மணிக்குத் தொடங்குகிறது. 5 நிமிடம் வரை சலுகை உண்டு. வருகைப் பதிவின்படி மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீங்கள் கீழ்க்காணும் ஏழு நாட்களில் அந்த நேரத்துக்குப் பிறகு வந்திருக்கிறீர்கள்:

மார்ச் 6, வியாழன், 8:11
மார்ச் 11, செவ்வாய், 8:17
மார்ச் 20, வியாழன், 8:14
மார்ச் 27, வியாழன், 8:26
ஏப்ரல் 8, செவ்வாய், 8:12
ஏப்ரல் 17, வியாழன், 8:19
ஏப்ரல் 24, வியாழன், 8:38

இவற்றில் மார்ச் 27 அன்று சரக்கு ஏற்றும் பணி 8:15க்குப் பதில் 8:30க்கும், ஏப்ரல் 24 அன்று 8:45க்கும் தொடங்கியது. நேரத்துக்கு வருவது பற்றி ஏப்ரல் 9 அன்று மேலாளர் உங்களிடம் வாய்மொழியாகப் பேசினார்.

இந்த நாட்களில் தாமதமாக வந்ததற்கான காரணத்தை, கடிதம் கிடைத்த நாளிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். பதிவில் தவறு இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். உங்கள் விளக்கத்தைப் படித்த பிறகே அடுத்து என்ன செய்வது என்று நிர்வாகம் முடிவு செய்யும். குறித்த நாளுக்குள் விளக்கம் வராவிட்டால், கையில் இருக்கும் பதிவுகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன் (இது பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து மட்டுமே, மேலே உள்ளதை ஒப்புக்கொண்டதாகாது): ______"

மேனேஜர் படித்துவிட்டு, "ரொம்ப சாஃப்டா இருக்கே" என்றார். ஏழு தேதியை வரிசையாகப் படித்துப் பாருங்கண்ணே, சாஃப்டா என்றேன். திரும்பப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மலாயில் மாற்றும்போது அவர் "செரிங்" என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார், அடிக்கடி என்று அர்த்தம். "செபாஞாக் துஜோ காலி", ஏழு தடவை, என்றே விட்டேன். அடிக்கடி என்பது அவரவர் கணக்கு, ஏழு எல்லோருக்கும் ஏழு. அந்தக் கடைசிக் கையெழுத்து வரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: அது இல்லாமல் கடிதம் கொடுத்தால் பயந்துபோய் வாங்க மறுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். மறுத்தாலும் சண்டை வேண்டாம், இன்ன தேதி, இன்ன நேரம் கொடுத்தோம், பெற மறுத்தார் என்று எழுதி, கூட இருந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒரு விஷயம் என் கையை மீறிப் போயிருந்தது. விருந்து வரியை மேனேஜர் பதினான்கு பேர் இருக்கிற வேலை குரூப்பிலும் போட்டுவிட்டார். அழித்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், எல்லோரும் பார்த்தாயிற்று, இப்போது அழித்தால் மறைத்த மாதிரி இருக்கும், இனிமேல் போடாமல் இருந்தால் போதும் என்றேன். கடிதத்தைக் கொடுக்கும்போது அவரே அந்தத் தம்பியிடம், குரூப்பில் போட்டது தப்பு, கோபத்துல போட்டுட்டேன் என்று சொன்னார். அது என் வரைவில் இல்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது, ஒரு பக்கம், கையெழுத்தில். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போன வேன்காரர் பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார். மனைவிக்குச் செவ்வாயும் வியாழனும் காலை ஷிப்ட். அந்த இரண்டு நாளும் இவர்தான் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டுப் பாலம் ஏற வேண்டும். சில நாள் பாலத்தில் ஜாம் இல்லாமல் தப்பித்திருக்கிறார், சில நாள் இல்லை. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டா திட்டுவாரோன்னு இருந்திச்சிக்கா" என்றார்.

காரணம் புரிந்தது என்பதற்காக அப்படியே விட்டுவிட முடியாது, 8:15க்கு லாரி வரத்தான் செய்யும். 2023 ஜனவரியிலிருந்து சட்டத்தில் நெகிழ்வான வேலை ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது, 60P, 60Q என்ற பிரிவுகள். தொழிலாளி எழுத்தில் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், முடியாது என்றால் காரணமும் எழுத வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. தம்பியிடம் அதை எழுதித் தரச் சொன்னேன். செவ்வாய், வியாழன் மட்டும் 8:30 முதல் 6:00 வரை, மற்ற நாள் வழக்கம்போல 8:00 முதல் 5:30. அந்த இரண்டு காலையும் முதல் லாரிக்கு, ஃபோர்க்லிப்ட் சான்றிதழ் உள்ள சூப்பர்வைசர் ஏறுவார். ஒரு வாரத்தில் மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஏழு தாமதத்துக்கு எச்சரிக்கை கொடுக்கவில்லை. விளக்கம் ஏற்கப்பட்டது, இனி நேரத்துக்கு வர முடியாத நாளில் 7:30க்குள் சூப்பர்வைசருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு சின்னக் கடிதம் மட்டும்.

ஜூனில் இரண்டு வியாழன் 8:47, 8:52க்கு வந்தார், தகவலும் இல்லை. மறுபடி கேட்டோம், இந்தத் தடவை சொல்லும்படியான காரணம் இல்லை. முதல் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று, இரண்டு தேதியோடு, நாலே வரி. அவரும் வாதாடாமல் வாங்கிக்கொண்டார்.

ஸ்டோர் அண்ணனின் விளக்கம்தான் இன்னும் ஃபைலில் முடிவில்லாமல் கிடக்கிறது. தினமும் 7:50க்கே காம்பவுண்டுக்குள் வந்துவிடுவதாகவும், கேண்டீனில் டீ குடித்துவிட்டு எழுந்து மெஷினுக்கு நடந்து போவதற்குள் நேரம் ஆகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். செக்யூரிட்டி கார்டிடம் கேட்டேன், உண்மைதானாம். ஆகவே மெஷினைக் கேண்டீன் வாசலுக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்திருக்கிறார். மேனேஜர் அதைப் படித்தார். இன்னும் பதில் சொல்லவில்லை.